நோட்டீஸா, சுவரா, செல்பேசியா? ஓசூர்க் கடைக்காரரின் கணக்கு

ஓசூரின் பாகலூர் சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ கடை வைத்திருப்பவரிடம் இன்று இரண்டு வகை மனிதர்கள் வந்து பேசுகிறார்கள். ஒருவர் தூரிகையும் பெயின்ட் டப்பாவும் வைத்திருக்கும் சுவர் ஓவியர், அல்லது நோட்டீஸ் அடித்துத் தரும் அச்சகத்தார். மற்றவர் மடிக்கணினியுடன் வரும் இளைஞர். முதலாமவரிடம் காட்டுவதற்கு எண்கள் ஏதுமில்லை. இரண்டாமவர் திரையைத் திருப்பிக் காட்டுகிறார்: இத்தனை ஆயிரம் பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள், இத்தனை பேர் தொட்டார்கள், இத்தனை பேர் அழைத்தார்கள். எண்கள் இருக்கும் பக்கமே கடைக்காரரின் பணமும் போகிறது.

எண்ணக்கூடியது எதுவோ அதுவே பலன் தருகிறது என்று நம்புவதுதான் இதில் உள்ள பிழை. சுவரைப் பார்த்து வந்தவரை யாரும் எண்ணுவதில்லை. செல்பேசியைத் தொட்டவரை நிறுவனமே எண்ணித் தருகிறது. எண்ணப்படாததைப் பயனற்றது என்று கருதிவிட முடியாது. எண்ணப்பட்டவர்கள் அனைவரும் விளம்பரத்தால் வந்தவர்கள் என்று கொள்வதும் சரியல்ல.

இந்த இரண்டாவது உண்மையை உலகறியச் செய்தது ஈபே நிறுவனம். இணையத் தேடலில் தன் பெயரை யாரேனும் தட்டச்சு செய்தால் மேலே தோன்றும் கட்டண விளம்பரத்துக்கு அந்நிறுவனம் பெருந்தொகை செலவிட்டு வந்தது. 2012இல் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் ததேலிஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் அந்த விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். வந்துகொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ அனைவரும், விளம்பரத்துக்குக் கீழே இலவசமாகத் தோன்றும் இணைப்பைத் தொட்டு வந்து சேர்ந்தார்கள். பெயரைத் தட்டச்சு செய்தவர் எப்படியும் வரவிருந்தவர். விளம்பரம் அவரை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தது, அவ்வளவே. 2015இல் ‘எக்கனாமெட்ரிகா’ இதழில் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஈபேயை அறியாத புதியவர்களிடமும், எப்போதாவது வருகிறவர்களிடமும் மட்டும் தேடல் விளம்பரம் ஓரளவு வேலை செய்தது. ஓசூருக்கு இந்தக் குறிப்பு முக்கியமானது. பின்னர் அதற்கு வருவோம்.

கேட்க வேண்டிய கேள்வி

நகரின் நடுவே இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருசக்கர வாகனம் தயாராகும் ஊர். வேலைக்குச் செல்வோரில் பெரும்பாலோரிடம் வண்டி உண்டு. கடைக்காரர் நோட்டீஸ் அடிக்கிறார், இரண்டு சுவர்களில் எழுதியிருக்கிறார், இணையத்திலும் விளம்பரம் செய்கிறார். எது ஆள் கொண்டுவருகிறது என்று அறிய விரும்புகிறார்.

எல்லோரும் செய்வதுபோல, வருகிறவரிடம் “எங்கள் கடையை எப்படித் தெரியும்?” என்று கேட்டால் பதில் கிடைக்கும், ஆனால் அது உதவாது. மத்திகிரியில் வசிக்கும் ஒருவர் மூன்று மாதமாகத் தினமும் ஒரு சுவரைக் கடந்து போயிருப்பார். வண்டி நின்ற அன்று கடையின் பெயர் நினைவுக்கு வந்திருக்கும்; தொலைபேசி எண் வந்திருக்காது. கூகுளில் பெயரைத் தட்டியிருப்பார். மேலே தோன்றிய விளம்பரத்தைத் தொட்டு அழைத்திருப்பார். அவரைக் கேட்டால் “கூகுளில் பார்த்தேன்” என்பார். அது பொய்யன்று. கடைசிப் படி மட்டுமே மனிதருக்கு நினைவில் நிற்கிறது. சுவர் செய்த வேலைக்கு இணையம் கூலி வாங்கிக்கொள்கிறது.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். “எந்தப் பகுதியிலிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்பதே போதும். எப்படித் தெரிந்தது என்பதைத் தவறாகச் சொல்பவரும் எங்கே குடியிருக்கிறார் என்பதைத் தவறாகச் சொல்லமாட்டார். வேலைச்சீட்டில் வண்டி எண்ணும் செல்பேசி எண்ணும் ஏற்கெனவே எழுதப்படுகின்றன. அவற்றைக் கொண்டு ஒருவர் புதியவரா, பழையவரா என்பது தெரிந்துவிடும். அதோடு பகுதிக்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதும். அதன்பின் விளம்பரத்தை ஒரு பகுதியில் செய்து, மற்றொரு பகுதியில் செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிடலாம்.

மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி என இரு பகுதிகளை எடுத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. வழிமுறைதான் கவனிக்கத் தக்கது. முதல் எட்டு வாரம் மூக்கண்டப்பள்ளியில் மட்டும் நான்காயிரம் நோட்டீஸ். அச்சுக் கூலியும் நாளிதழில் வைத்துத் தரும் கூலியும் சேர்த்து ரூ.4,500. அந்த எட்டு வாரத்தில் மூக்கண்டப்பள்ளியிலிருந்து 61 புதிய வாடிக்கையாளர்கள், மத்திகிரியிலிருந்து 41 பேர். இருபது பேர் அதிகம் என்று மகிழ்ந்து அங்கேயே நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மூக்கண்டப்பள்ளியில் குடியிருப்பே அதிகமாக இருக்கலாம். அங்கே ஒரு போட்டிக் கடை மூடியிருக்கலாம்.

அதனால் அடுத்த எட்டு வாரம் திருப்பிப் போட வேண்டும். இப்போது மத்திகிரியில் நோட்டீஸ், மூக்கண்டப்பள்ளியில் இல்லை. மத்திகிரி 54, மூக்கண்டப்பள்ளி 43 என்று வருகிறது. இப்போது கூட்டலாம். நோட்டீஸ் இருந்தபோது 61, 54, ஆக 115. இல்லாதபோது 41, 43, ஆக 84. இரு பகுதிகளும் ஒருமுறை நோட்டீஸுடனும் ஒருமுறை நோட்டீஸ் இல்லாமலும் இருந்துவிட்டதால் பகுதிக்குப் பகுதி உள்ள வேறுபாடும், பருவத்துக்குப் பருவம் உள்ள வேறுபாடும் பெருமளவு கழிந்துவிடுகின்றன. மிச்சம் 31 பேர். இரு சுற்றுக்கும் செலவு ரூ.9,000. கூடுதலாக வந்த ஒருவருக்கு ஏறத்தாழ ரூ.290.

அந்த 31 தற்செயலாக இருக்க முடியாதா? அதற்கும் எளிய சோதனை உண்டு. இரு எண்ணிக்கைகளையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 115, 84 கூட்டினால் 199. அதன் வர்க்கமூலம் சற்றேறக்குறைய 14. எந்த விளம்பரமும் இல்லாவிட்டாலும் இந்த அளவு ஏற்ற இறக்கம் தானாகவே நிகழும். வேறுபாடு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் நம்பலாம். 31 அந்தக் கோட்டைச் சற்றே தாண்டுகிறது. எட்டுப் பேர், பத்துப் பேர் அதிகம் வந்ததை வைத்து முடிவெடுப்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். சின்னக் கடைகள் ஒரு வாரம் விளம்பரம் செய்து மறுவாரம் முடிவு கட்டுவது ஏன் வீண் என்பது இதிலிருந்து விளங்கும்.

ரூ.290 அதிகமா, குறைவா என்பது அந்த 31 பேர் மீண்டும் வருகிறார்களா என்பதைப் பொறுத்தது. ஆறு மாதம் கழித்து வேலைச்சீட்டுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நோட்டீஸில் பெரிய தள்ளுபடி அறிவித்திருந்தால், தள்ளுபடிக்காக வந்தவர்கள் அடுத்த நோட்டீஸ் தரும் கடைக்குப் போயிருப்பார்கள்.

அணைத்துப் பார்த்தால் தெரியும்

இதே சோதனையை இணைய விளம்பரத்துக்குப் பகுதிவாரியாகச் செய்ய முயன்றால் ஓசூரில் தடுமாற நேரும். வரைபடத்தில் கடையை நடுவாக வைத்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டச் சொல்லலாம். ஆனால், வட்டத்துக்கு மாநில எல்லை தெரியாது. பத்து கிலோமீட்டர் என்று வைத்தால் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் அது போய்விடும். மேலும், கூகுள் விளம்பரத்தின் இயல்பான அமைப்பு ஓர் இடத்தில் இருப்பவர்களோடு, அந்த இடத்தின் மீது ஆர்வம் காட்டியவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் உட்கார்ந்து ஓசூரில் வீட்டுமனை தேடுகிறவரும் அந்தக் கணக்கில் வருவார். வண்டி பழுதுபார்க்கும் கடைக்கு அவரால் பயனில்லை. அமைப்புக்குள் சென்று ‘இந்த இடத்தில் இருப்பவர்கள்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு முகவரைத் தேடலாம்.

பகுதியைப் பிரிக்க முடியாதபோது காலத்தைப் பிரிக்கலாம். இரு வாரம் விளம்பரம், இரு வாரம் நிறுத்தம். ஆனால், எப்போதும் மாதத்தின் முதல் பாதியில் விளம்பரம் செய்தால் சம்பளம் செய்த வேலையை விளம்பரம் செய்ததாக எண்ணிவிடுவோம். தொழிற்சாலை ஊரில் வண்டி சர்வீஸ் சம்பளத்துக்குப் பின்தான். ஆகவே ஒரு மாதம் முதல் பாதி, அடுத்த மாதம் இரண்டாம் பாதி என்று மாற்றி மாற்றி நான்கு மாதம் செய்ய வேண்டும். ஆயுத பூஜையும் தீபாவளி போனஸும் வரும் மாதங்களையும், யுகாதிக்குப் பலர் ஊருக்குப் போய்விடும் நாட்களையும் தவிர்ப்பது நல்லது.

நம் கடைக்காரர் அப்படிச் செய்கிறார். விளம்பரச் செலவு ரூ.8,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக ரூ.9,440. நிறுவனம் தரும் அறிக்கை 70 அழைப்புகள் வந்ததாகச் சொல்கிறது. வேலைச்சீட்டுகளோ, விளம்பரம் ஓடிய எட்டு வாரத்தில் 131 புதியவர்கள், ஓடாத எட்டு வாரத்தில் 118 பேர் என்கின்றன. வேறுபாடு 13. கூட்டினால் 249, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16. அந்த 13 பேர் விளம்பரத்தால் வந்தவர்களா, சும்மா வந்தவர்களா என்று சொல்ல வழியில்லை. 70 எங்கே, 13 எங்கே? அழைத்தவர்களில் சிலர் பழைய வாடிக்கையாளர்கள். வண்டி தயாரா என்று கேட்டவர்கள். சிலர் விலை மட்டும் விசாரித்தவர்கள். இன்னும் சிலர், விளம்பரம் இல்லாத வாரங்களில் கூகுள் வரைபடத்தில் இலவசமாக இருக்கும் கடைப் பதிவைத் தொட்டு அழைத்திருக்கக்கூடியவர்கள்.

இந்த இலவசப் பதிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கடையின் பெயர், நேரம், விடுமுறை நாள், கதவின் படம் ஆகியவை சரியாக இருப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. கட்டண விளம்பரத்துக்குப் பணம் கட்டும் கடைக்காரர்களில் பலரின் பதிவில் வரைபடக் குறி பக்கத்துத் தெருவில் நிற்கிறது. அதைச் சரிசெய்யாமல் விளம்பரம் செய்வது, ஆளை அழைத்து அடுத்தவர் வாசலில் இறக்கிவிடுவதாகும்.

இதனால் இணைய விளம்பரமே வீண் என்று கொள்ளலாகாது. ஈபே ஆய்வின் இரண்டாவது செய்தி இங்கேதான் பொருந்துகிறது. ஓசூருக்கு ஒவ்வொரு மாதமும் புதியவர்கள் வருகிறார்கள்: பயிற்சிப் பொறியாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், வட மாநிலத்தவர், புதிய மின்னணு ஆலைகளுக்கு வரும் இளம்பெண்கள். அவர்களுக்குச் சுவர்களும் பெயர்களும் பழக்கமில்லை. கேட்பதற்கு அக்கம்பக்கத்தார் இல்லை. தங்கும் விடுதி, பல் மருத்துவமனை, இரவு பத்து மணிக்குமேல் திறந்திருக்கும் மருந்துக்கடை ஆகியவற்றை அவர்கள் செல்பேசியில்தான் தேடுகிறார்கள். அத்தகைய தொழில் நடத்துபவர் இதே அணைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தால் விடை வேறாக வரக்கூடும். பழுதுபார்க்கும் கடைக்கு வருபவரோ பெரும்பாலும் அதே தெருக்களில் பல ஆண்டு ஓட்டியவர்.

யாருடைய கையில் சேர்கிறது?

நோட்டீஸின் பலமும் பலவீனமும் அது யார் கையில் சேர்கிறது என்பதில் இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சிப்காட் ஆலை வாயிலில் நின்று கொடுப்பதைப் பலர் எளிய வழியாகக் கருதுகிறார்கள். ஆனால், வெளியே வருபவர்களில் எத்தனை பேர் நிறுவனப் பேருந்தில் ஏறிக் கிருஷ்ணகிரிக்கோ, தருமபுரிப் பக்கமோ போகிறார்கள் என்று அரை மணி நேரம் நின்று பார்த்தாலே தெரியும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வசிப்பவருக்கு நம் கடையின் நோட்டீஸ் உணவுப் பொட்டலம் மடிக்கத்தான் உதவும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வண்டியோடு வருபவருக்குக் கொடுத்தால் அதே தாளுக்கு மதிப்பு வேறு.

நாளிதழுக்குள் வைத்து அனுப்புவதில் மொழியும் தானாகவே தேர்வாகிறது. தமிழ் நாளிதழில் வைத்தால் தமிழ்க் குடும்பங்களுக்குப் போகும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் ஓசூர்வாசிகளில் பலருக்குப் போகாமலும் இருக்கலாம். வாடகை அறைகளில் நால்வர், ஐவராகத் தங்கும் தொழிலாளர்கள் எந்த நாளிதழும் வாங்குவதில்லை. அவர்களைக் குறிவைத்தால் வீட்டு வாசலுக்கே நேரில் போக வேண்டும், கூலி கூடும். சொன்ன எண்ணிக்கை உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். விநியோக நாளன்று காலை ஆறு மணிக்கு அந்தப் பகுதியில் தெரிந்த பத்து வீடுகளில் கேட்டால் போதும். பத்தில் ஆறு வீட்டில்தான் நோட்டீஸ் இருந்தது என்றால், ரூ.290 என்ற கணக்கில் பிழை நோட்டீஸினுடையதாக இராது. கட்டுக்கட்டாக முகவர் அறையில் கிடக்கும் தாளினுடையதாக இருக்கும்.

சுவரும் பலகையும்

சுவர் விளம்பரத்தையும் பெயர்ப்பலகையையும் மாதம் விட்டு மாதம் அணைத்துப் பார்க்க முடியாது. எனவே அவற்றை மதிப்பிடும் வழியும் வேறு. முதலில் அவற்றை ஒருவரால் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பலகை எழுதுபவர்களிடையே ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஓர் அங்குல உயரமுள்ள எழுத்து பத்தடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்கக் கூடியது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 14 மீட்டர், அதாவது 46 அடி நகர்கிறது. ஆறு அங்குல எழுத்தை அறுபது அடியிலிருந்து படிக்கத் தொடங்கினால் ஒன்றேகால் நொடியில் அதைக் கடந்துவிடுவார். மூன்று நொடி வேண்டுமென்றால் எழுத்து 14 அங்குலமாவது இருக்க வேண்டும். அந்த மூன்று நொடியிலும் பத்து இலக்க எண்ணை யாரும் மனனம் செய்ய மாட்டார்கள். நெடுஞ்சாலைச் சுவரில் பெயர், தொழில், திரும்ப வேண்டிய இடம் ஆகிய மூன்றும் போதும். மாறாக, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சிக்னலில் வண்டிகள் நிற்கும் இடத்தில், தேநீர்க் கடை அருகே உள்ள சுவரில் எண்ணையும் எழுதலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தச் சாலையில் போகிறவர் யார் என்பது. தேசிய நெடுஞ்சாலை 44இல் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். ஆனால், அவர்கள் பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகிறவர்கள். தேன்கனிக்கோட்டை சாலையில் அவர்களில் ஒரு பகுதியினரே போவார்கள். ஆனால் தினமும், இரு முறை, அதே மனிதர்கள். அக்கம்பக்கக் கடைக்குத் தேவை பின்னதுதான்.

சுவரின் பலனை அறிய, புதிதாக எழுதும் சுவர் எந்தக் குடியிருப்பின் வழியில் இருக்கிறதோ அந்தப் பகுதியின் வேலைச்சீட்டுகளை எழுதுவதற்கு முந்தைய ஆறு மாதத்தோடும், சுவர் இல்லாத வேறொரு பகுதியோடும் ஒப்பிடலாம். சுவருக்கென்று தனிச் செல்பேசி எண் எழுதி, அதில் வரும் அழைப்புகளை எண்ணுபவர்களும் உண்டு. அந்த எண்ணிக்கை எப்போதும் குறைத்தே காட்டும். முன்பு சொன்ன மத்திகிரிக்காரர் அந்த எண்ணில் அழைக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளலாம். சுவரின் செலவை மட்டும் ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். ஒருமுறை எழுதியது மழையும் வெயிலும் தின்னும்வரை நிற்கும், அல்லது தேர்தல் வரும்வரை. தேர்தல் நெருங்கினால் நல்ல சுவர்களைக் கட்சிகள் முன்கூட்டியே பிடித்துவிடுகின்றன. சுவர் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைப்பது அதற்காகவும் நல்லது. பொது இடங்களில் எழுதுவதற்கும் ஒட்டுவதற்கும் எதிராக 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால் அரசுச் சுவர், பாலம், மின்கம்பம் பக்கம் போகாதிருப்பது உத்தமம்.

பெயர்ப்பலகைக்கு மொழிச் சட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்பவை 5:3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். எல்லை தாண்டினால், 2024இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டப்படி பலகையில் 60 விழுக்காடு கன்னடம். ஓசூரிலும் அத்திப்பள்ளியிலும் கிளை வைத்திருப்பவர் ஒரே வடிவத்தை இரு பக்கமும் மாட்ட முடியாது. கடைசி இரண்டு பங்கு இடத்தில் ஓசூரில் தெலுங்கா, கன்னடமா, இந்தியா என்பது கடைக்காரரின் முடிவு. அதற்கும் விடை வேலைச்சீட்டில்தான் இருக்கிறது: எந்த மொழியில் பேசி வண்டியை விட்டார் என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

கடை வாசலில் உள்ள பலகையை மட்டும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே வைக்கலாம். நோட்டீஸைப் படித்தவரும், சுவரை நினைவில் வைத்தவரும், வரைபடத்தைப் பின்தொடர்ந்து வந்தவரும் கடைசியில் தேடுவது அதைத்தான். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர் கடக்கும்போது அதன் விளக்கு எரிகிறதா, முன்னால் நிறுத்திய சரக்கு வண்டி அதை மறைக்கிறதா என்று சாலையின் எதிர்ப்புறம் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் மடிக்கணினியுடன் வந்திருக்கும் இளைஞரிடம் பேசலாம்.